ஏற்புரை அட்டையைப் பார்த்துப் படிக்கும்போது தடுமாற்றமா? குறையை வைத்துக் காரணம் தேடும் வழி

மே மாதம் வந்தால் எங்கள் தட்டச்சுக் கடையில் பணி நிறைவு விழாவுக்கான ஏற்புரை அட்டைகள் அடிப்பதே முக்கால்வாசி வேலை. ஆசிரியர்கள் கல்வியாண்டு முடிவில் மொத்தமாக ஓய்வு பெறுகிறார்கள். மற்ற அலுவலகத்தவர்கள் மாதக் கடைசி நாளை ஒட்டி ஒருவர் இருவராக வருவார்கள். ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தில் நெருக்கி அடித்த இரண்டு பக்கங்களைக் கொண்டுவந்து, "பெரிய எழுத்தில் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். எழுத்தைப் பெரிதாக்குவது ஒரு நிமிட வேலை. ஒத்திகை பார்த்துவிட்டு அவர்கள் திரும்பி வந்து சொல்லும் குறைகளைத் தீர்ப்பதுதான் உண்மையான வேலை. குறைகளும் பெரும்பாலும் ஒன்றேபோல இருக்கும்.

கீழே சொல்பவை எல்லாம் ஓர் அடிப்படை அட்டையை வைத்துச் சொல்பவை. ஏ4 தாளில் பாதி, அதாவது ஏ5, படுக்கைவாட்டில். எழுத்து 28 புள்ளி, தடித்தது. வரி இடைவெளி 42 புள்ளி. ஒரு வரிக்கு மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. ஓர் அட்டையில் ஏழு வரிக்கு மேல் இல்லை. ஒரு பக்கம் மட்டுமே அச்சு. நிறுத்தக் குறிகள் இரண்டே: `/` என்றால் ஒரு மூச்சு, `●` என்றால் தலையை நிமிர்த்தி அவையைப் பார்த்துவிட்டுத் தொடர்வது. மூன்றாவதாக ஒரு குறியைச் சேர்த்தால் மேடையில் எது எதற்கு என்பது மறந்துபோகும்.

## குறை: மூச்சு தவறான இடத்தில் நிற்கிறது

"என் மனைவி" என்று சொல்ல வேண்டியவர் "என்" என்று நிறுத்தி, ஒரு நொடி கழித்து "மனைவி" என்பார். அவையில் சிரிப்பு எழும். இந்தக் குறைதான் அதிகம் வருகிறது.

### முதலில் பார்க்க வேண்டியது: வரியை முறித்தது யார்?

கணினி முறித்திருந்தால் குறை அங்கேதான். இடம் தீர்ந்த இடத்தில் கணினி அடுத்த வரிக்குப் போய்விடும். பேச்சு எங்கே முறியும் என்பது அதற்குத் தெரியாது. அட்டையைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வாருங்கள். "ஒரு", "என்", "அந்த", "மிக", "திரு" போன்ற சொல் வரிக் கடைசியில் தொங்கினால் அதை அடுத்த வரிக்குத் தள்ளுங்கள். வேர்டில் `Shift + Enter` அழுத்தினால் வரி முறியும். புதிய பத்திக்கான இடைவெளி விழாது.

இப்படி முறித்த பிறகு சில வரிகளில் சொற்கள் ஒன்றைவிட்டு ஒன்று எட்ட எட்டப் போய் நிற்கலாம். மூலக் கோப்பில் இரண்டு ஓரமும் சமமாக இருக்கும்படி அமைத்திருந்தால் இப்படி ஆகும். படிப்பவர் அந்த இடைவெளியை நிறுத்தம் என்று எடுத்துக்கொள்வார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Ctrl + L` அழுத்தி இடப்பக்கம் ஒதுக்கிவிட்டால் சரியாகிவிடும்.

### அதன் பிறகும் திணறினால்: ஒற்றும் குறியும் மோதுகின்றனவா?

இது தமிழ் அட்டைக்கே உரிய சிக்கல். "எனக்குத் துணை நின்றவர்கள்" என்பதை இரண்டு வரியாக்கினால் முதல் வரி "எனக்குத்" என்று முடியும். அந்த "த்" அடுத்த சொல்லோடு ஒட்டச் சொல்கிறது. அதன் பக்கத்தில் `/` போட்டுவிட்டால் குறி நிற்கச் சொல்கிறது. படிப்பவர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு "எனக்குத்து" என்பதுபோல் ஏதோ சொல்லிவைப்பார்.

க், ச், த், ப் ஆகிய நான்கில் ஒன்றில் முடியும் வரிக்குப் பக்கத்தில் குறி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் குறியை எடுத்துவிடுங்கள். அங்கே நின்றே ஆக வேண்டும் என்றால் ஒற்றை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போடுங்கள்: "எனக்கு," என்று. குறி இல்லாமல் ஒற்றோடு முடியும் வரியால் பெரிய தொல்லை இல்லை, கண் தானாகவே அடுத்த வரிக்கு ஓடிவிடும். பெயரெச்சத்தில் முடியும் வரியும் அப்படித்தான். "உடன் பணியாற்றிய" என்று வரி முடியலாம். பக்கத்தில் குறி மட்டும் கூடாது.

### இதற்கும் அடங்காவிட்டால்: வாக்கியத்தையே பிரிக்க வேண்டும்

வினைமுற்று கடைசியில் வரும் மொழி நம்முடையது. வாக்கியம் நீண்டால் என்ன சொல்ல வருகிறோம் என்பது கடைசிச் சொல் வரும்வரை கேட்பவருக்கும் புரியாது, படிப்பவருக்கும் பிடி கிடைக்காது. வரிகளை எவ்வளவு அழகாக முறித்தாலும் அதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். தலைமை ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்ததைப் போன்ற ஒரு வாக்கியம் இது:

"1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஊ.ஒ.தொ. பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்த எனக்கு அன்று முதல் இன்று வரை உறுதுணையாக இருந்துவந்த உடன் பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களுக்கும் தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பிய ஊர்ப் பொதுமக்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

மொத்தத்துக்கும் வினைமுற்று ஒன்றே ஒன்று. தாளில் படிக்க இதில் தவறில்லை. அட்டைக்கு வரும்போது ஒவ்வொரு மூச்சும் ஒரு முடிவில் போய் நிற்க வேண்டும். ஆகவே முதல் அட்டை இப்படி:

> எண்பத்தெட்டு, ஜூன் மாதம். /
>
> நம் ஊராட்சிப் பள்ளியில்
>
> ஆசிரியராகச் சேர்ந்தேன். /
>
> அன்று முதல் இன்று வரை
>
> எனக்குத் துணை நின்றவர்கள்
>
> நீங்கள். ●

அடுத்தது இப்படி:

> உடன் பணியாற்றிய
>
> ஆசிரியர்களுக்கு நன்றி. /
>
> பிள்ளைகளை நம்பி அனுப்பிய
>
> ஊர் மக்களுக்கு நன்றி. ●

"ஊ.ஒ.தொ." என்ற சுருக்கம் போய்விட்டது. சுருக்கத்தைப் பார்த்ததும் அதை எழுத்தெழுத்தாகச் சொல்வதா விரித்துச் சொல்வதா என்று நாக்கு ஒரு கணம் தயங்கும். எப்படிச் சொல்வாரோ அப்படியே அடித்துவிட வேண்டும். ஆண்டும் அப்படியே. அவர் வாயில் "எண்பத்தெட்டு" என்றுதான் வந்தது, எனவே அப்படியே வைத்துக்கொண்டோம். "நெஞ்சார்ந்த" போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வேண்டுமானால் "நெஞ்சார்ந்த நன்றி" என்று இரண்டாவது இடத்தில் மட்டும் சேர்க்கலாம்.

### எப்போது எழுதியவரிடமே போக வேண்டும்?

உரையைத் தமிழாசிரியர் நண்பர் எதுகை மோனையோடு எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வாக்கியத்தைப் பிரித்தால் மோனை சிதறும். சிதறியது தெரிந்தால் எழுதியவருக்கு மனம் நோகும். "இந்த நான்கு இடங்களில் மூச்சு போதவில்லை" என்று கோடிட்டு அவரிடமே கொடுத்து மாற்றி வாங்குவதுதான் முறை.

## குறை: தலை நிமிர்ந்தால், படித்த இடம் தொலைந்துபோகிறது

### அட்டை மாறும் இடத்தில் தொலைந்தால்

ஒரு வாக்கியம் இந்த அட்டையில் தொடங்கி அடுத்ததில் முடிகிறது என்று பொருள். அட்டையைத் திருப்பும் அந்த இரண்டு நொடியில் வாக்கியத்தின் முதல் பாதி மறந்துபோகும். ஒவ்வோர் அட்டையும் முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும். அதற்காக நான்கே வரியோடு ஓர் அட்டை நின்றாலும் பரவாயில்லை. வெற்றிடம் வீணாகிறதே என்று அடுத்த வாக்கியத்தின் பாதியை ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. ஏற்றாதீர்கள். அட்டையின் அடிப்பகுதி காலியாக இருப்பது நல்லது. பார்வை அதிகம் தாழாது, முகமும் அவைக்குத் தெரியும்.

### நன்றி சொல்லும் பகுதியில் தொலைந்தால்

ஏழு வரியும் "அவர்களுக்கு நன்றி" என்றே முடிந்தால் கண் இரண்டாவது வரியிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவிவிடும். நடுவில் இரண்டு பேர் விட்டுப்போவார்கள். விட்டுப்போனவர்களில் ஒருவர் நிச்சயம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். வரியின் தொடக்கத்தில் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் விட்டு, மற்றதை மெல்லிய எழுத்தாக்கி, "நன்றி" என்பதைக் கடைசியில் ஒரே ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அட்டையில் இரண்டே நன்றி இருப்பதால் பிழைத்தோம். மூன்றாவது வந்திருந்தால் அமைப்பை மாற்றியிருப்பேன்.

### எங்கே வேண்டுமானாலும் தொலைந்தால்

`●` குறி வரி நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அது எப்போதும் வரிக் கடைசியில்தான் இருக்க வேண்டும்; அதன் கீழே ஒரு வரி அளவுக்குக் காலி இடமும் வேண்டும். நிமிர்ந்து திரும்பும் கண் அந்த வெள்ளையைத்தான் தேடி வரும். இதுவும் போதவில்லை என்றால் இடக்கைக் கட்டைவிரலை அட்டையின் ஓரத்தில், படிக்கும் வரிக்கு நேராக நகர்த்திக்கொண்டே வரச் சொல்லுங்கள். அதற்காகவே இடப்பக்க ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் விடுகிறோம்.

## குறை: எழுத்து தெரியவில்லை

முதல் கேள்வி: வீட்டில் தெரிகிறதா?

### வீட்டில் தெரிகிறது, மேடையில் தெரியவில்லை

அட்டைக்கு லேமினேஷன் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் கேட்பேன். பத்திரமாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் ஆசையாகப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். மேடை விளக்கு அதன்மீது பட்டால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். அந்தத் திட்டுக்குள் இருக்கும் வரிகளைப் படிக்கவே முடியாது. பளபளப்பான ஆர்ட் அட்டைக்கும் இதே கதிதான். பளபளப்பில்லாத சாதா அட்டையில் மறுபடியும் அச்செடுங்கள். செலவு சில ரூபாய்தான்.

அடுத்து நிறம். நிறுத்தக் குறிகளைச் சிவப்பில் போட்டிருந்தால், பகலில் சிவப்புச் சாமியானாவுக்குக் கீழே அவை மங்கி மறைந்துவிடும். குறியும் கறுப்பிலேயே இருக்கட்டும். எழுத்தைவிடத் தடிமனாக, வரியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி.

இரண்டும் இல்லையென்றால் தூரம்தான் காரணம். படிப்பதற்கான கண்ணாடி பொதுவாக 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏற்றதாக இருக்கும். மேடையில் நின்று மைக் முன்னாலுள்ள சாய்மேசையில் அட்டையை வைத்தால் தூரம் 60 சென்டிமீட்டராகிவிடும். கண்ணாடியின் எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பது ஒன்று. அந்தத் தூரத்தில் 28 புள்ளி எழுத்து 40 சென்டிமீட்டரில் வைத்த 19 புள்ளி எழுத்தின் அளவுக்குத்தான் தெரியும் என்பது இன்னொன்று. அடியில் பிறைபோல் படிக்கும் பகுதி உள்ள கண்ணாடி என்றால் அவர் முகவாயை உயர்த்தி உயர்த்திப் பார்ப்பார்.

இதைத் தெரிந்துகொள்ள விழாவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் பீரோவின் நடுத்தட்டு அளவு உயரத்தில் அட்டையை வைத்துவிட்டு நின்றபடி படிக்கச் சொல்லுங்கள். மங்கினால் அட்டையைக் கையில் எடுத்து மார்பு உயரத்தில் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். அப்போது தெளிவாகத் தெரிந்தால் குறை தூரத்தில்தான் இருக்கிறது. கையில் பிடிப்பதற்குத் தோதாகத்தான் ஏ5. மைக்கையும் கையில் பிடிக்க வேண்டிய இடமானால் மைக் ஸ்டாண்டுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கை நடுங்குகிறது, சாய்மேசையில்தான் வைத்தாக வேண்டும் என்பவர்களுக்கு எழுத்தை 40 புள்ளியாக்கி, வரியை நான்காகக் குறைத்து, அட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

### வீட்டிலேயே தெரியவில்லை

எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் 28 புள்ளி என்பது வெவ்வேறு அளவு. `Vijaya` சிறுத்துத் தெரியும். `Nirmala UI` அதே எண்ணில் பெரிதாகத் தெரியும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்து எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். "கெட்ட" என்பதும் "கேட்ட" என்பதும் ஒன்றாகத் தெரிந்தால் ஆபத்து. "நான் கேட்ட மனிதர்கள்" என்பது எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேல்புள்ளியும் மேல்விலங்கும் வெட்டுப்பட்டிருந்தால் வரி இடைவெளிதான் காரணம். `Line spacing` என்ற இடத்தில் `Exactly` இருந்து, பக்கத்தில் 28 அல்லது 30 என்று இருக்கும். 42 ஆக்குங்கள்.

### கண் மருத்துவரிடம் போக வேண்டிய இடம்

நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி போட்டு, கையில் பிடித்துப் படிக்கும் தூரத்தில், 28 புள்ளி எழுத்தும் மங்கலாக இருந்தால் அட்டையில் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை. கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம், புரையாக இருக்கலாம். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே காட்டிவிட்டால் புதுக் கண்ணாடி வந்துசேரும். நேரான வரி வளைந்து தெரிகிறது, பார்க்கிற எழுத்தே நடுவில் காணாமல் போகிறது என்று சொன்னால் விழாவரைக்கும்கூடத் தள்ளிப்போட வேண்டாம். உடனே அழைத்துப் போங்கள்.

## குறை: குறியையும் சேர்த்துப் படித்துவிடுகிறார்

"கைதட்டலுக்காக நிறுத்தவும்" என்று அடைப்புக்குள் அடித்திருந்தால் அதையும் கணீரென்று படித்துவிடுவார்கள். படபடப்பில் கண் பார்ப்பதை வாய் சொல்லிவிடும். வாயால் சொல்லக் கூடாத ஒரு சொல்லும் அட்டையில் இருக்கக் கூடாது. அட்டை எண்ணையும் "3/11" என்று போடாதீர்கள், அதில் உள்ள கோடு மூச்சுக் குறியோடு குழம்பும். வலது மேல்மூலையில் வட்டத்துக்குள் வெறும் 3 போதும்.

## குறை: அச்சில் எழுத்து உடைந்து வருகிறது

வணக்கம் என்று இருக்க வேண்டிய இடத்தில் `tzf;fk;` என்று வந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு. அச்சடிக்கும் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், தட்டச்சுக் கடைகளில் மாற்றுவதற்கான மென்பொருள் இருக்கும். கொம்பும் காலும் இடம் மாறி, நடுவில் புள்ளி வட்டம் தெரிந்தால் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இதை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருப்பதைவிட மறுபடியும் அடிப்பது விரைவு. வீட்டில் எல்லாம் சரியாக இருந்து கடையில் வரிகள் மட்டும் இடம் மாறினால், வேர்டு கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.

## குறை: அட்டை நனைகிறது, பறக்கிறது, வரிசை மாறுகிறது

பூமாலையில் தெளித்த தண்ணீர் சொட்டி இங்க்ஜெட் அச்சு கரையும். மேடையில் இது சர்வசாதாரணம். லேசர் அச்சு அல்லது ஜெராக்ஸ் பிரதி கரையாது. வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர்தான் இருக்கிறது என்றால் அதில் ஒன்று எடுத்து, அதை அட்டையில் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த அட்டை வீட்டுப் பிரிண்டரில் சிக்கிக்கொண்டால் வம்படியாக இழுக்காமல் கடைக்கு வந்துவிடுங்கள்.

மேடையோர மின்விசிறிக் காற்றில் அட்டை பறக்காமலிருக்க இடது மேல்மூலையில் ஒரு துளையிட்டு, கோப்புக் கட்டும் டேக்கைத் தளர்வாகக் கோத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் திருப்ப வராது. பொன்னாடையும் மாலையும் விழுந்த பிறகு சட்டைப்பையில் கை நுழையாது. ஆகவே அட்டையும் கண்ணாடியும் அதற்கு முன்பே மேசைமேல் வந்துவிட வேண்டும்.

## குறை: பெயர் விட்டுப்போகிறது

அவையோரை விளிக்கும் பகுதியை மட்டும் தனி அட்டையாக்கி, அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள். அழைப்பிதழில் இல்லாத ஒருவர் கடைசி நேரத்தில் மேடையேறுவார். வரவேற்புரை நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தடித்த மார்க்கரால் அவர் பெயரையும் பதவியையும் எழுதிச் சேர்த்துவிடலாம். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் படிக்கத் தெரியாது.

## குறை: ஓர் இடத்தில் குரல் அடைக்கிறது

எந்த அட்டையில் என்பது வீட்டு ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் அடைக்கும். பெரும்பாலும் அப்பா அம்மாவைப் பற்றியோ, இறந்துபோன சக ஊழியரைப் பற்றியோ வரும் வரி. அந்த வரிக்கு முன்னால் ஒரு `●` வையுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கும். வரியை இரண்டு சொல்லாகச் சுருக்குங்கள். அதற்கு அடுத்தாற்போல் ஊர், ஆண்டு, பள்ளிக் கட்டடம் என்று உணர்ச்சியில்லாத ஒரு செய்தி வரட்டும். குரல் அதில் நிமிர்ந்துகொள்ளும். அந்த அட்டையை உரையின் கடைசியில் மட்டும் வைக்காதீர்கள்.

அப்படியும் முடியவில்லை என்றால் மகனோ மகளோ அந்த ஓர் அட்டையை மட்டும் படிக்கலாம், அவையில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதற்காகவே எல்லா அட்டைகளிலும் இரண்டாவது பிரதி ஒன்று எடுத்துக் கொடுக்கிறோம். அது மேடைக்கு அருகில் உட்காருபவர் கையில் இருக்க வேண்டும். காரில் கிடந்து பயனில்லை. குரலே பல நாளாகக் கரகரப்பாக இருந்து, மூன்று வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால் அது உணர்ச்சியால் வந்தது இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.